முழங்காலும் கீழ்முதுகும் சேர்ந்து வலிக்கும்போது கொழுப்பைக் குறைப்பது எப்படி: உடற்பயிற்சியை மாற்றியமைக்கும் முழுமையான வழிகாட்டி

முழங்கால் வலிக்கு ஒரு பயிற்சி முறையும் கீழ்முதுகு வலிக்கு வேறொரு பயிற்சி முறையும் தேடினால் எளிதில் கிடைத்துவிடும். இரண்டு வலியும் ஒருவருக்கே இருக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது; ஏனெனில் முழங்காலுக்கு இதமான அசைவு பெரும்பாலும் முதுகின்மேல் சுமையை ஏற்றுகிறது, முதுகுக்கு இதமானது முழங்காலைப் பதம் பார்க்கிறது. இந்த வழிகாட்டி அந்த இருவலிக்காரர்களுக்கானது. ஒரு வலி மட்டும் உள்ளவர்கள் தங்களுக்குப் பொருந்தாத பகுதியை விட்டுவிடலாம்.

ஆறு ஆண்டுகளாக ஒரு பூங்காவில் காலைப் பயிற்சிக் குழுவை நடத்தி வருகிறேன். இங்கே நான் எடுத்துக்காட்டாகக் கொள்வது என் அக்காவை. வயது 49, உயரம் 156 செ.மீ., எடை 78 கிலோ, வேலை பள்ளி ஆசிரியை. படி இறங்கும்போது வலது முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். காலையில் குனிந்து வாசல் பெருக்கினால் கீழ்முதுகு பிடித்துக்கொள்ளும். எடையைக் குறைக்க ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்து, ஸ்கிப்பிங், சிட்-அப், ஒரு காலை முன்னே வைத்துத் தாழும் லஞ்ச் என்று எல்லோருக்கும் கொடுத்ததையே அவரும் செய்து, ஒன்பதாம் நாள் படுத்துவிட்டார்.

1. முதலில் விலக்க வேண்டியவை

எந்தப் பயிற்சியையும் தொடங்குமுன், உங்கள் வலி பயிற்சியால் கையாளத்தக்க வலிதானா என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சிறுநீர் அல்லது மலம் கழிப்பதில் திடீர்ச் சிரமம், தொடைகளுக்கு நடுவே மரத்துப்போதல், பாதத்தைத் தூக்க முடியாத பலவீனம் ஆகியவை முதுகு வலியுடன் சேர்ந்து வந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சலோடு வரும் முதுகு வலியும், படுத்தாலும் குறையாமல் இரவெல்லாம் நீடிக்கும் வலியும், விழுந்தபின் தொடங்கிய வலியும் மருத்துவர் பார்க்க வேண்டியவை.

முழங்காலைப் பொறுத்தவரை, மூட்டு வீங்கிச் சூடாக இருப்பது, மடக்கிய கால் நீட்ட வராமல் பூட்டிக்கொள்வது, நடக்கும்போது கால் திடீரென மடிந்து தள்ளாடுவது ஆகியவற்றுக்கும் இதே விதிதான். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள், உணவைக் குறைக்குமுன் மருந்தின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம். உணவு குறைந்து மருந்து குறையாவிட்டால் சர்க்கரை அளவு ஆபத்தாக இறங்கலாம்.

2. ஒரு வாரம் நோட்டுப் புத்தகம் மட்டும்

தேவையான பொருள்கள் குறைவு: கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலி, தடித்த இரண்டு போர்வைகள், துடைப்பக் கட்டை அளவு நீளமுள்ள ஒரு கம்பு, ஒரு நோட்டுப் புத்தகம், எடை பார்க்கும் கருவி.

முதல் வாரம் புதிய பயிற்சி எதுவும் வேண்டாம். வலியைப் பூஜ்யம் முதல் பத்து வரையிலான எண்ணாகக் காலையிலும் இரவிலும் குறியுங்கள். எந்த வேலைக்குப் பிறகு அது கூடியது என்பதையும் எழுதுங்கள். புதிதாக வருபவர்கள் அனைவரும் தவிர்க்க நினைக்கும் படி இதுதான். ஆனால் இது இல்லாமல் பிறகு எந்தப் பயிற்சி உதவியது, எது கெடுத்தது என்று பிரித்தறிய வழியே இல்லை.

அக்காவின் நோட்டில் ஐந்தாம் நாளே ஒரு விஷயம் தெரிந்தது. பள்ளியில் ஐந்து வகுப்புகளுக்கு நின்றே பாடம் நடத்தியதால் வலி கூடவில்லை. தரையில் உட்கார்ந்து அரை மணி நேரம் காய் நறுக்கிய மாலைகளுக்கு மறுநாள்தான் முழங்கால் எண் ஐந்தைத் தொட்டது. காய் நறுக்குவதை மேசைக்கு மாற்றியதும், பயிற்சி தொடங்குமுன்பே அந்த எண் மூன்றாகிவிட்டது. தரையில் சம்மணமிடுவது, அரிவாள்மணை, இந்திய முறைக் கழிப்பறை, கோலம் எல்லாமே மூட்டின் கணக்கில் பயிற்சிதான். அவற்றைக் கணக்கில் சேர்க்காமல் பயிற்சியை மட்டும் குறைத்துப் பயனில்லை.

3. கொழுப்பைக் குறைக்கும் வேலையைச் சமையலறைக்குக் கொடுங்கள்

மூட்டு வலியோடு எடை குறைக்க வருபவர் செய்யும் பெரிய தவறு, கலோரியை எரிக்கும் பொறுப்பை முழுவதுமாகப் பயிற்சியின்மேல் போடுவது. சுமார் 80 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் நிதானமாக நடந்தால், சும்மா இருப்பதைவிடக் கூடுதலாக ஏறத்தாழ 80 முதல் 100 கலோரி செலவாகும். ஒரு வடையில் அது திரும்பி வந்துவிடும். இன்னும் எரிக்க வேண்டும் என்று நடையை ஒன்றரை மணி நேரமாக்கினால் முழங்கால் கைவிரிக்கும். ஆகவே கொழுப்பு குறைவது உணவால். எடை குறையும்போது தசை கரையாமலும் மூட்டு பலமிழக்காமலும் காப்பது பயிற்சியால் என்று வேலையைப் பிரித்துவிட வேண்டும்.

அக்காவின் வீட்டில் நான்கு பேருக்கு மாதம் நான்கு லிட்டர் எண்ணெய் செலவானது. அதை இரண்டு லிட்டராக்கியபோது ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 140 கலோரி குறைந்தது. இரண்டு கரண்டிச் சர்க்கரையோடு நான்கு முறை குடித்த தேநீர், ஒரு கரண்டியோடு இரண்டு முறையானதில் சுமார் 100. மதியச் சோற்றில் ஒரு கப் குறைத்ததில் சுமார் 200. மொத்தம் 440 கலோரி. ஒரு கிலோ உடற்கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 கலோரி என்று கொண்டால், கணக்குப்படி வாரத்துக்கு 400 கிராம் குறைய வேண்டும். உடல் கணக்குப் புத்தகம் அல்ல என்பதாலும், சோற்றுக்குப் பதில் சேர்க்கும் உணவிலும் கலோரி உண்டு என்பதாலும் 300 கிராம் குறைந்தாலே சரியான வழியில்தான் இருக்கிறீர்கள்.

குறைத்த சோற்றின் இடத்தில் புரதம் வர வேண்டும்: ஒரு கிண்ணம் சுண்டல், இரண்டு முட்டை அல்லது ஒரு துண்டு மீன். புரதம் போதாமல் எடை குறைந்தால் தொடைத் தசையும் சேர்ந்து குறையும். முழங்காலுக்குத் தாங்கலாக இருப்பதே அந்தத் தசைதான்.

இந்த அவசரமில்லாத வேகத்துக்கு நல்ல பலன் உண்டு. முழங்கால் தேய்மானம் உள்ளவர்களிடம் செய்த அளவீடுகளில், உடல் எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைவதாகத் தெரிந்திருக்கிறது.

4. நடையை மூன்றாக உடையுங்கள்

இரண்டாம் வாரத்தில் நடை தொடங்கலாம். ஒரே மூச்சில் 30 நிமிடம் நடப்பதற்குப் பதிலாக, காலை, மதியம், இரவு என்று பத்துப் பத்து நிமிடமாக நடக்க வேண்டும். செலவாகும் கலோரியில் வேறுபாடு இல்லை. ஆனால் களைத்த தொடைத் தசை அதிர்ச்சியைத் தாங்குவதை விட்டு மூட்டின்மேல் தள்ளும் அந்தக் கடைசி இருபது நிமிடம் இல்லாமல் போகிறது. சமதளமும் ஷூவும் போதும். மேம்பாலத்திலோ மலைப்பாதையிலோ நடப்பவர்களுக்கு ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும்போதுதான் முழங்காலின் முன்பக்கம் வாங்கும்.

நடையிலேயே முழங்கால் எண் மூன்றைத் தாண்டுபவர்களுக்கு நிலைச் சைக்கிள் நல்ல மாற்று. அதில் இரண்டு அளவுகளைச் சரிபார்க்க வேண்டும். பெடல் மிகக் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அந்த உயரத்தில் சீட்டை வைத்துவிட்டு, முன்பாதத்தால் மிதித்தால் முழங்காலில் சிறு மடிப்பு தானாக வரும். சீட் தாழ்வாக இருப்பதே சைக்கிளில் முழங்கால் வலி வருவதற்கு வழக்கமான காரணம். அடுத்தது கைப்பிடி: அது சீட்டைவிட உயரமாக இருந்தால் முதுகு வளையாது. கனமான எதிர்ப்பில் மெதுவாக மிதிப்பதைவிட, லேசான எதிர்ப்பில் சற்று வேகமாக மிதிப்பதே முழங்காலுக்கு நல்லது.

5. சுமை எங்கே போகிறது என்பதைப் புரிந்துகொண்டு உட்காருங்கள்

நாற்காலியில் உட்கார்ந்து எழுவதையே எடுத்துக்கொள்வோம். உடம்பை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, முழங்காலை முன்னே தள்ளி இறங்கினால் சுமை முழங்காலுக்குப் போகிறது. பிட்டத்தைப் பின்னே தள்ளி, உடம்பை முன்னே சாய்த்து இறங்கினால் சுமை இடுப்பு மூட்டுக்கும் கீழ்முதுகுக்கும் போகிறது. ஓரிடத்தில் குறைத்த சுமை மறைந்துவிடுவதில்லை, இடம் மாறுகிறது. “முழங்கால், கால்விரல்களைத் தாண்டக் கூடாது” என்ற அறிவுரையை மட்டும் பிடித்துக்கொண்டு அளவுக்கு மீறிச் சாய்ந்து உட்கார்ந்தவர்கள் அடுத்த வாரம் முதுகு வலியோடு வந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இருவலிக்காரர்களுக்கு எந்தப் பக்கம் சாய்த்தாலும் தொல்லை என்பதால், சாய்வை அல்ல, ஆழத்தைக் குறைக்க வேண்டும். சாதாரண நாற்காலியின் உயரம் ஏறத்தாழ 45 செ.மீ. அதன்மேல் இரண்டு போர்வைகளைக் கெட்டியாக மடித்து வைத்து 55 செ.மீ. ஆக்கிக்கொள்ளுங்கள். முழங்கால் குறைவாக மடியும்போது முழங்கால் சில்லின் பின்னால் ஏற்படும் அழுத்தம் குறைவு; முதுகும் அதிகம் சாய வேண்டியதில்லை.

பாதங்களைத் தோள் அகலத்தில் வைத்து, விரல்களைச் சற்று வெளியே திருப்பி, மூன்று எண்ணும் வரை இறங்கி, போர்வையில் பட்டதும் எழுந்துவிட வேண்டும். பொத்தென்று விழுவதால்தான் வலி வருகிறது. இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்துவதில்தான் தசை வலுவாகிறது. முழங்கால்கள் உள்நோக்கிச் சாய்கின்றனவா என்று கண்ணாடியில் பாருங்கள். சாய்ந்தால், தரையைப் பாதங்களால் இரண்டு பக்கமும் கிழிப்பதுபோல் லேசாக அழுத்தினால் நேராகும். எட்டு முறை, இரண்டு சுற்று போதும். தேவைப்பட்டால் முன்னால் ஒரு மேசையைப் பிடித்துக்கொள்ளலாம். பிடித்துச் செய்வதில் குறை ஒன்றும் இல்லை.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வலி எண் கூடாமலிருந்தால், போர்வையில் ஒரு மடிப்பை எடுத்துவிடுங்கள். அக்காவுக்கு 55 செ.மீ. உயரத்திலிருந்து 45-க்கு வர ஒன்பது வாரமானது.

6. முதுகுக்கு மூன்று பயிற்சிகள், முழங்காலைத் தரையில் ஊன்றாமல்

முதல் பயிற்சி, இடுப்பிலிருந்து குனியக் கற்றுக்கொள்வது. கம்பை முதுகின் நெடுக்கே பிடியுங்கள். பின்தலை, தோள்பட்டைகளின் நடு, வாலெலும்பு ஆகிய மூன்று இடங்களிலும் அது தொட வேண்டும். முழங்காலைச் சற்றே தளர்த்தி, பின்னாலுள்ள சுவரைப் பிட்டத்தால் தொடப் போவதுபோல் பின்னே தள்ளுங்கள். கம்பு ஓரிடத்தில் விலகினாலும் அங்கேயே நிறுத்திவிட்டு நிமிர வேண்டும். முதல் நாளில் பெரும்பாலோர்க்கு ஒரு சாண் சாய்ந்ததுமே வாலெலும்பிலிருந்து கம்பு விலகும்; அதுவே உங்கள் இப்போதைய எல்லை. இது கைகூடிய பிறகே எடை தூக்கும் பயிற்சிகளைப் பற்றி நினைக்கலாம். குடம் தூக்குவதும் வாளி நகர்த்துவதும் இதே அசைவுதான்.

இரண்டாவது, பிரிட்ஜ். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து, குதிகால்களை ஊன்றிப் பிட்டத்தை உயர்த்த வேண்டும். முழங்கால், இடுப்பு, தோள் ஒரே கோட்டில் வந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் தூக்கினால் கீழ்முதுகு வளைந்து வேலையைத் தன்மேல் எடுத்துக்கொள்ளும். தொடையின் பின்புறம் தசைப்பிடிப்பு வந்தால் பாதங்கள் மிகத் தூரத்தில் இருக்கின்றன என்று பொருள்; அருகே இழுத்து வையுங்கள். பத்து முறை, மேலே மூன்று நொடி. முழங்காலுக்கும் முதுகுக்கும் ஒருசேர ஒத்துப்போகும் பயிற்சி வெகு குறைவு. அவற்றில் இதுதான் முதலிடம் என்பது என் கருத்து.

மூன்றாவது, வயிற்றைப் பிடித்துவைக்கும் பயிற்சி. முதுகு வலிக்காரர்களுக்கு வழக்கமாகக் கொடுப்பது நான்கு கால்களில் நின்று எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது. ஆனால் முழங்காலைத் தரையில் ஊன்ற முடியாதவர்கள் அங்கேயே தோற்றுவிடுகிறார்கள். அவர்கள் மல்லாந்து படுத்து, கால்களை இடுப்புக்கு மேலே மடித்துத் தூக்கி, கீழ்முதுகு தரையை விட்டு எழும்பாதபடி ஒரு காலின் குதிகாலை மட்டும் மெதுவாகத் தரையில் தொட்டுவிட்டு மீளலாம். பக்கத்துக்கு ஆறு முறை. முதுகு எழும்பினால் வயிறு கைவிட்டுவிட்டது என்று பொருள். அந்தச் சுற்றை நிறுத்திவிட வேண்டும். சிட்-அப் இந்த வேலையைச் செய்யாது. அது முதுகை அழுத்தத்தோடு திரும்பத் திரும்ப வளைக்கிறது. தொப்பைக் கொழுப்பை மட்டும் தனியாக எரிப்பதும் இல்லை.

தரையில் படுத்து எழுவதே பலருக்குப் பயிற்சியைவிடக் கடினம். உறுதியான கட்டிலில், மெத்தையை எடுத்துவிட்டு இவற்றைச் செய்யலாம். எழும்போது நேராக எழாமல் ஒருக்களித்து, கால்களைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுங்கள்.

நேரமும் முக்கியம். இரவில் படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க்குகள் நீரை உறிஞ்சிச் சற்றே உப்பியிருப்பதால், விழித்த முதல் ஒரு மணி நேரத்தில் குனியும்போது அவற்றின்மேல் இறுக்கம் அதிகம். ஐந்து மணிக்கு எழுந்து ஐந்தேகாலுக்கே சூரிய நமஸ்காரம் செய்பவர்களின் முதுகு ஏன் தேறுவதில்லை என்பதற்கு இது ஒரு விடை. எழுந்ததும் நடையை முடித்துவிட்டு, குனியும் வேலைகளைத் தள்ளிப்போடுங்கள். வாசலை நீளக் கைப்பிடித் துடைப்பத்தால் பெருக்கலாம். கோலம் மட்டும் அக்காவிடம் பேச்சுவார்த்தைக்கு உட்படவில்லை, புள்ளிகளைப் பாதியாக்கினார்.

7. வாரத்தை அடுக்கும் முறையும் கூட்டும் முறையும்

நடை தினமும் உண்டு. நாற்காலிப் பயிற்சியும் முதுகுப் பயிற்சிகளும் வாரத்தில் மூன்று நாள், இடையே ஒருநாள் விட்டு. தசைக்கும் மூட்டுக்கும் அந்த ஓய்வு நாள் தேவை என்பது ஒரு காரணம். முந்தைய நாள் செய்தது ஒத்துக்கொண்டதா என்று மறுநாள் காலையில் பார்க்க முடியும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

விதி இதுதான்: பயிற்சியின்போது வலி மூன்று வரை இருக்கலாம், மறுநாள் காலை அது வழக்கமான எண்ணுக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பியிருந்தால் அதே அளவைத் தொடரலாம்; இரண்டு வாரம் அப்படியே சென்றால் ஒன்றை மட்டும் கூட்டலாம். நடையின் நேரத்தையும் நாற்காலியின் ஆழத்தையும் ஒரே வாரத்தில் மாற்றினால், வலி கூடும்போது யாரைக் குற்றம் சொல்வது என்றே தெரியாது. பயிற்சிக்கு முன் வலி மாத்திரை போட்டுக்கொள்வதும் இதனால்தான் கூடாது. அது வலியின் எண்ணை மறைக்கிறது, சுமையை மறைப்பதில்லை.

8. வலி கூடிய நாளில்

எப்படிக் கவனமாக இருந்தாலும் ஒருநாள் கூடும். அக்காவுக்கு ஏழாம் வாரத்தில், ஒரு திருமணத்தில் மூன்று மாடிகளைப் பலமுறை ஏறி இறங்கியதால் முழங்கால் எண் ஆறானது. அவர் செய்ய நினைத்தது, ஒரு வாரம் முழு ஓய்வு. நான் சொன்னது, இரண்டு நாளைக்கு எல்லாவற்றையும் பாதியாக்குவது: ஐந்து நிமிட நடை, நாற்காலியின் உயரம் மீண்டும் 55 செ.மீ., பிரிட்ஜ் ஐந்து முறை. முற்றிலும் நிறுத்தினால் மூட்டு இறுகுகிறது, தசை சோர்கிறது, மீண்டும் தொடங்கும் நாள் தள்ளிக்கொண்டே போகிறது. மூன்றாம் நாள் எண் மூன்றுக்கு வந்தது. ஐந்தாம் நாள் பழைய அளவு. பாதியாக்கியும் ஒரு வாரத்தில் எண் இறங்காவிட்டால் இயன்முறை மருத்துவரிடம் போக வேண்டும்.

அந்த வாரங்களில் உணவை மாற்ற வேண்டாம். பயிற்சி குறைந்ததே என்று சாப்பாட்டை மேலும் குறைப்பவர்களும், எப்படியும் கெட்டுவிட்டது என்று கூட்டுபவர்களும் உண்டு, இரண்டுமே தேவையற்றவை. கொழுப்பு குறைவது சமையலறைக் கணக்கில் என்பதால் பயிற்சியில் ஏற்படும் இரண்டு நாள் தொய்வை எடைக் கருவி உணர்வதே இல்லை.

9. பன்னிரண்டாம் வாரத்தில் எதைச் சேர்ப்பது

பன்னிரண்டு வாரத்தில் அக்காவின் எடை 74.3 கிலோ. படி இறங்கும்போது வலது முழங்கால் எண் ஐந்திலிருந்து இரண்டு. காலை முதுகுப் பிடிப்பு வாரத்துக்கு ஒருநாள். இந்த நிலைக்கு வந்தவர்கள் அடுத்துச் சேர்க்க வேண்டியது ஓட்டமோ குதிப்போ அல்ல, படிதான்; ஏனெனில் அன்றாடம் தவிர்க்க முடியாதது அதுவே. பத்து செ.மீ. உயரமுள்ள ஒற்றைப் படியில், சுவரைத் தொட்டுக்கொண்டு, வலியில்லாத காலை மேலேயே வைத்து, வலிக்கும் காலை மூன்று எண்ணிக்கையில் தரைக்கு இறக்கிப் பழகத் தொடங்குங்கள். இரண்டு வாரம் கழித்துக் கால்களை மாற்றி, வலிக்கும் கால் மேலே நின்று உடலைத் தாங்கி இறக்கட்டும். கடினம் அதில்தான் இருக்கிறது. அதுவரை மாடிப்படி இறங்கும்போது வலிக்கும் காலை முதலில் கீழே வைத்து, கைப்பிடியைப் பற்றி இறங்குங்கள். ஏறும்போது வலியில்லாத கால் முதலில்.